ஏறும்போது 6.00, இறங்கும்போது 6.10: பிரஷர் கேஜ் காலிபரேஷனில் ஹிஸ்டெரிசிஸும் ரிப்பீட்டபிலிட்டியும்

ஏர் கம்ப்ரசர் டாங்கில் இருந்த 0–10 பார் கேஜ் ஒன்றைக் கழற்றி, ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான துல்லியமான மாஸ்டர் கேஜ் இருக்கும் கம்பேரிசன் பம்பில் மாட்டுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். பூஜ்யத்திலிருந்து மெல்ல ஏற்றி, மாஸ்டர் 6.00 காட்டும் இடத்தில் நிறுத்தினால் நம் கேஜும் 6.00 காட்டுகிறது. அப்படியே 10 பார் வரை போய்விட்டுத் திரும்பி இறங்கி, மாஸ்டர் மறுபடி 6.00 காட்டும் இடத்தில் நிறுத்துகிறோம். இப்போது கேஜ் 6.10 காட்டுகிறது. அழுத்தம் அதேதான், முள் நிற்கும் இடம் மட்டும் வேறு.

இந்த 0.10 பார் வித்தியாசம்தான் அந்தப் புள்ளியில் கேஜின் ஹிஸ்டெரிசிஸ். ஒரே அழுத்தத்தை ஏறுமுகத்தில் தொடும்போது வரும் வாசிப்புக்கும் இறங்குமுகத்தில் தொடும்போது வரும் வாசிப்புக்கும் இடையிலான இடைவெளி அது. ரிப்பீட்டபிலிட்டி வேறு விஷயம். அதே திசையில், அதே வேகத்தில், அதே ஆள் மறுபடி ஏற்றினால் 6 பாரில் முள் மறுபடி 6.00-இல் நிற்கிறதா, 6.02-இல் நிற்கிறதா, 5.94-க்குப் போகிறதா என்பதே அது. ஹிஸ்டெரிசிஸில் திசை மாறுகிறது. ரிப்பீட்டபிலிட்டியில் எதுவும் மாறக்கூடாது, அப்படியும் வாசிப்பு எவ்வளவு சிதறுகிறது என்று பார்க்கிறோம். புதிதாக காலிபரேஷன் பழகுபவர்கள் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதுதான் பெரும்பாலான தகராறுகளுக்குக் காரணம்.

முள் ஏன் பின்தங்குகிறது?

கேஜைத் திறந்தால் உள்ளே ‘C’ வடிவில் வளைந்த தட்டையான உலோகக் குழாய் இருக்கும். அதுதான் போர்டன் டியூப். உள்ளே அழுத்தம் ஏறினால் வளைவு கொஞ்சம் நிமிரும், அடைத்த முனை சில மில்லிமீட்டர் நகரும். அந்தச் சின்ன அசைவை லிங்க் வழியாக செக்டர் என்ற விசிறி வடிவப் பல்தகடு வாங்கி, பல் வழியாக பினியன் என்ற சின்னப் பல்சக்கரத்துக்குக் கொடுத்து, முள்ளை டயலில் முக்கால் வட்டம் சுற்ற வைக்கிறது. பல்லுக்கும் பல்லுக்கும் இடையிலான தொய்வை எடுக்க, பினியன் தண்டில் மெல்லிய ஹேர்ஸ்பிரிங் ஒன்று சுற்றியிருக்கும்.

இதில் பின்தங்கல் இரண்டு இடங்களில் பிறக்கிறது. முதலாவது டியூபின் உலோகம். பித்தளையோ பாஸ்பர் பிரான்ஸோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ எதுவானாலும், இழுத்துவிட்டுத் தளர்த்தினால் போன வழியிலேயே அச்சுப் பிசகாமல் திரும்பி வராது. இறங்கும்போது அதே அழுத்தத்தில் டியூப் கொஞ்சம் கூடுதலாக நிமிர்ந்தே இருக்கும். இதில் ஒரு பகுதி நேரம் சார்ந்தது. அழுத்தத்தை முழுவதும் எடுத்த பிறகும் சில நிமிடங்கள் முள் மெல்லப் பூஜ்யத்தை நோக்கி ஊர்ந்துகொண்டிருப்பதைப் பார்க்கலாம்.

இரண்டாவது உராய்வு. லிங்க் ஊசிகள், செக்டர் தண்டு, பினியன் தண்டு எல்லாமே சிறு துளைகளில் உராய்ந்துதான் சுழல்கின்றன. உராய்வு எப்போதும் நகரும் திசைக்கு எதிராகவே நிற்கும். ஏறும்போது முள்ளைக் கீழே பிடித்துவைக்கும், இறங்கும்போது மேலே பிடித்துவைக்கும். ஆக உலோகமும் உராய்வும் ஒரே பக்கம்தான் தள்ளுகின்றன: ஏற்றத்தில் வாசிப்பு குறைவு, இறக்கத்தில் அதிகம். ஒரு கேஜில் இது தலைகீழாக, இறக்கத்தில் குறைவாக வந்தால், கேஜைச் சந்தேகிக்கும் முன் உங்கள் மாஸ்டரையும் பம்பையும் சந்தேகியுங்கள்.

சுற்றை ஓட்டும் முறை

நம் கேஜ் 100 மி.மீ டயல், சின்னக் கோடு ஒவ்வொன்றும் 0.1 பார், துல்லிய வகுப்பு 1. அதாவது முழு அளவில் 1 சதவீதம், எந்த இடத்திலும் ±0.10 பார் வரை பிழை அனுமதி. கோட்டுக்கும் கோட்டுக்கும் இடையில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 0.02 பார் வரை கண்ணால் மதிப்பிடலாம். மாஸ்டர் இதைவிடக் குறைந்தது நான்கு மடங்காவது நுட்பமாக இருக்க வேண்டும். 0.1 சதவீத டிஜிட்டல் மாஸ்டர் என்றால் நிம்மதி.

கேஜை அது வேலை செய்யும் நிலையிலேயே, வழக்கமாகச் செங்குத்தாக, மாட்டுங்கள். பம்பும் கேஜும் ஒரே அறை வெப்பத்துக்கு வரட்டும். எண்ணெய் பம்ப் என்றால் காற்றை வெளியேற்றிவிடுங்கள். காற்றுக் குமிழி இருந்தால் அழுத்தம் நிலைக்கவே நிலைக்காது.

முதல் வேலை, வாசிப்பு எதுவும் எழுதாமல் ஒருமுறை 10 பார் வரை ஏற்றி, அரை நிமிடம் வைத்து, பூஜ்யத்துக்கு இறக்குவது. இதை விட்டுவிடுபவர்கள் அதிகம். பல நாள் அலமாரியில் கிடந்த கேஜின் டியூப் முதல் சுற்றில் ஒரு மாதிரியும் அடுத்தடுத்த சுற்றுகளில் வேறு மாதிரியும் நடந்துகொள்ளும். முன்சுற்று ஓட்டாவிட்டால் அந்த வித்தியாசம் முழுக்க ரிப்பீட்டபிலிட்டி கணக்கில் ஏறி, நல்ல கேஜ் கெட்ட பெயர் வாங்கும். ஜெர்மனியின் டி.கே.டி-ஆர் 6-1 வழிகாட்டி, கேஜின் துல்லியத்தைப் பொறுத்து ஒன்று, இரண்டு அல்லது மூன்று முன்சுற்று கேட்கிறது.

பிறகு ஒன்றிரண்டு நிமிடம் ஓய்வு கொடுத்து, 0, 2, 4, 6, 8, 10 என்று ஏற்றுங்கள். ஒவ்வொரு புள்ளியிலும் அரை நிமிடம் நின்று எழுதுங்கள். 10-இல் கொஞ்சம் கூடுதலாக நிறுத்தி, அதே புள்ளிகளில் இறங்குங்கள். பூஜ்யத்தில் சில நிமிடம் விட்டு, முழுச் சுற்றையும் இன்னொருமுறை ஓட்டுங்கள். ஒரே சுற்றோடு முடித்துக்கொள்ளும் முறைகளும் உண்டு. அதில் ஹிஸ்டெரிசிஸ் கிடைக்கும், ரிப்பீட்டபிலிட்டி கிடைக்காது.

இதில் மீறக்கூடாத விதி ஒன்றே ஒன்று: ஏறுமுகத்தில் புள்ளியைக் கீழிருந்து மட்டுமே தொட வேண்டும், இறங்குமுகத்தில் மேலிருந்து மட்டுமே. ஏற்றத்தில் 6-க்குப் பதில் கை தவறி 6.15 வரை போய்விட்டது, திருகைப் பின்னால் சுழற்றி 6.00-க்குக் கொண்டுவந்து எழுதிவிட்டோம் என்றால், அது ஏற்ற வாசிப்பும் அல்ல, இறக்க வாசிப்பும் அல்ல. இரண்டுக்கும் நடுவே எங்கோ இருக்கும் ஒரு எண். இப்படி நேர்ந்தால் முந்தைய புள்ளிக்கும் கீழே போய் மறுபடி ஏறி வர வேண்டும், சந்தேகமாக இருந்தால் சுற்றையே முதலிலிருந்து தொடங்க வேண்டும். கடைசி 0.2 பாரை நெம்புகோலால் தொடாமல் நுண்திருகால் மட்டுமே நெருங்கப் பழகினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

பிஸ்டன் மேல் எடைகளை வைத்து அழுத்தம் உண்டாக்கும் டெட் வெயிட் டெஸ்டரில் இதே தவறு வேறு உருவில் வரும். ஏற்றத்தில் எடையைத் தொப்பென்று வைத்தால் அந்த அதிர்ச்சியிலேயே அழுத்தம் ஒரு கணம் எகிறி இறங்கும். இறக்கத்தில் திருகைத் தளர்த்தி பிஸ்டனை அடிவரை உட்கார வைத்துவிட்டு எடையை எடுத்தால், அழுத்தம் புள்ளிக்குக் கீழே போயிருக்கக்கூடும். இரண்டிலும் திசை கெட்டுவிடும், கண்ணுக்கும் தெரியாது.

எண்களைப் படிப்பது

நம் கேஜைத் தட்டாமல் இரண்டு சுற்று ஓட்டியதில் வாசிப்புகள் இப்படி வந்தன என்று கொள்வோம். எல்லாம் பாரில்.

| மாஸ்டர் | ஏற்றம் 1 | இறக்கம் 1 | ஏற்றம் 2 | இறக்கம் 2 |
|---|---|---|---|---|
| 0 | 0.00 | 0.02 | 0.00 | 0.02 |
| 2 | 2.02 | 2.06 | 2.02 | 2.08 |
| 4 | 4.02 | 4.10 | 4.04 | 4.10 |
| 6 | 6.00 | 6.10 | 6.02 | 6.10 |
| 8 | 7.98 | 8.04 | 7.98 | 8.04 |
| 10 | 9.96 | 9.96 | 9.98 | 9.98 |

ஹிஸ்டெரிசிஸுக்கு ஒவ்வொரு வரியிலும் இறக்கத்திலிருந்து ஏற்றத்தைக் கழியுங்கள். 6 பாரில் முதல் சுற்றில் 0.10, இரண்டாவதில் 0.08, சராசரி 0.09. மற்ற புள்ளிகளில் சராசரி 0.02, 0.05, 0.07, 0.06 என்று வருகிறது, 10 பாரில் பூஜ்யம். இந்த வடிவத்தைக் கவனியுங்கள். நடுவில் வயிறு பெருத்து, இரு முனையிலும் ஒடுங்குகிறது. 10 பாரில்தான் சுற்று திரும்புகிறது. ஏற்றத்தின் கடைசி வாசிப்பும் இறக்கத்தின் முதல் வாசிப்பும் ஒரே நிலைதான் என்பதால் அங்கே இடைவெளி இருக்க வழியில்லை. ஆரோக்கியமான போர்டன் கேஜின் வரைபடம் இப்படித்தான் இருக்கும். ஆகவே 0-வும் 10-ம் மட்டும் பார்த்து ‘கேஜ் சரி’ என்று சொல்பவர், ஹிஸ்டெரிசிஸ் மிகக் குறைவாக இருக்கும் இரண்டு இடங்களை மட்டும் பார்த்திருக்கிறார்.

ரிப்பீட்டபிலிட்டிக்கு ஏற்றம் 1-ஐ ஏற்றம் 2-உடனும், இறக்கம் 1-ஐ இறக்கம் 2-உடனும் ஒப்பிடுங்கள். குறுக்கே ஒப்பிடக்கூடாது. எங்கே பார்த்தாலும் வித்தியாசம் 0.02-ஐத் தாண்டவில்லை. 0.02 என்பது நாம் கண்ணால் மதிப்பிடக்கூடிய கடைசி அளவு. அதாவது இந்த கேஜ், நம் கண்ணால் பார்க்க முடிந்த வரை, செய்ததையே திரும்பச் செய்கிறது.

ஹிஸ்டெரிசிஸ் 0.09, ரிப்பீட்டபிலிட்டி 0.02. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் கேஜின் குணம் புரியும். பிசகுகிறது, ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி பிசகுகிறது. எந்தத் திசையில் வந்தோம் என்று தெரிந்தால் அந்தப் பிசகைத் திருத்திக்கொள்ளலாம். ரிப்பீட்டபிலிட்டி மோசமான கேஜில் அந்த வசதி கிடையாது. ஹிஸ்டெரிசிஸ் கொஞ்சம் அதிகமான கேஜோடு வாழ்ந்துவிடலாம், சிதறும் கேஜோடு முடியாது என்பது என் கருத்து.

இனி தேர்ச்சிக் கணக்கு. ஐரோப்பியத் தரமான இ.என் 837-1, ஹிஸ்டெரிசிஸ் அனுமதிக்கப்பட்ட பிழையின் அளவைத் தாண்டக்கூடாது என்கிறது. நமக்கு அது 0.10. ஒரு சுற்றில் சரியாக 0.10 தொட்டிருக்கிறோம், தாண்டவில்லை. ஆனால் 4, 6 பார் இறக்க வாசிப்புகளின் பிழையே +0.10, வரம்பின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. மாஸ்டரின் ஐயப்பாட்டையும், அதாவது அதன் வாசிப்பு எவ்வளவு தள்ளியிருக்கலாம் என்பதையும், சேர்த்தால் இதைத் தைரியமாகத் தேர்ச்சி என்று கையெழுத்திட முடியாது.

இங்கே சராசரி ஒரு பொல்லாத வேலை செய்யும். 6 பாரின் நான்கு வாசிப்புகளையும் கூட்டி நான்கால் வகுத்தால் 6.055, பிழை +0.055. சான்றிதழில் அந்த ஒரு எண்ணை மட்டும் அச்சிட்டால் கேஜ் அனுமதியில் பாதியளவே பிசகுவதாகத் தோன்றும். அப்படி நான்கையும் ஒரே சராசரியாகக் கொடுத்தால், ஹிஸ்டெரிசிஸை ஐயப்பாட்டுக் கணக்கில் சேர்த்தே ஆக வேண்டும். வழக்கமான வழி, அதில் பாதியை எடுத்து √3-ஆல் வகுப்பது: 0.045 ÷ 1.732, சுமார் 0.026 பார். ஏற்றத்தையும் இறக்கத்தையும் தனித்தனிப் பத்தியாகக் கொடுத்துவிட்டால், பயன்படுத்துபவர் தனக்குரிய திசையை எடுத்துக்கொள்வார், இந்தக் கூட்டல் தேவையில்லை. இடம் இருந்தால் தனித்தனியாகக் கொடுப்பதே மேல்.

முள்ளைத் திருப்பி வைத்துச் சரிசெய்யலாமா? நம் அட்டவணையில் பிழைகள் −0.04 முதல் +0.10 வரை பரந்திருக்கின்றன. முள்ளை 0.03 கீழே நகர்த்தினால் −0.07 முதல் +0.07 வரை ஆகும், வரம்புக்குள் வசதியாக உட்காரும். ஆனால் 6 பாரில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையே அதே 0.09 இடைவெளி அப்படியே நிற்கும். திருகாலோ முள்ளாலோ அந்த இடைவெளியை நகர்த்தத்தான் முடியும், ஒடுக்க முடியாது.

தட்டிப் பார்ப்பது

ஒடுக்க முடியுமா என்று தெரிய வேண்டுமானால், இடைவெளியில் உலோகத்தின் பங்கு எவ்வளவு, உராய்வின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க வேண்டும். அதற்கு விரல் போதும். ஒவ்வொரு புள்ளியிலும் முதலில் தொடாமல் எழுதுங்கள், பிறகு கேஜின் பக்கவாட்டில் விரல்நுனியால் மெல்லத் தட்டி மறுபடி எழுதுங்கள். நம் கேஜில் 6 பார் ஏற்றத்தில் 6.00 இருந்தது தட்டியதும் 6.02 ஆகிறது, இறக்கத்தில் 6.10 இருந்தது 6.06-க்கு இறங்குகிறது என்று கொள்வோம். இடைவெளி 0.10-லிருந்து 0.04 ஆகிவிட்டது. அதிர்வு கிடைத்ததும் விலகிய 0.06 உராய்வு, தட்டியும் போகாத 0.04 டியூபினுடையது.

உராய்வுப் பங்கு பெரிதாக இருந்தால் வைத்தியம் உண்டு. தண்டுத் துளைகளில் அழுக்கு, வளைந்த லிங்க், கண்ணாடியையோ டயலையோ உரசும் முள், இறுக்கம் போன ஹேர்ஸ்பிரிங் ஆகியவற்றைப் பார்த்துச் சரிசெய்யலாம். டியூபின் பங்கே பெரிதாக இருந்தால் கேஜை மாற்றுவதுதான் வழி.

தட்டிய வாசிப்பா, தட்டாத வாசிப்பா, எதைச் சான்றிதழில் எழுதுவது என்று கேட்பார்கள். எந்த முறைப்படி செய்கிறீர்களோ அது சொல்வதைச் செய்து, தட்டியதா இல்லையா என்று எழுதிவிடுங்கள். நடைமுறைக்கு ஒரு குறிப்பு: அதிரும் கம்ப்ரசரின் மேல் இருக்கும் கேஜை இயந்திரமே தட்டிக்கொண்டிருக்கும், அதற்குத் தட்டிய எண்களே நிஜத்துக்குப் பக்கம். அசையாத பேனலில் இருக்கும் கேஜுக்குத் தட்டாத எண்கள்.

ஹிஸ்டெரிசிஸ் மாதிரியே நடிப்பவை

கேஜுக்குப் போகும் வழியில் அழுத்தத் துடிப்பைத் தணிக்கும் ஸ்னப்பர் இருந்தாலோ, துளையில் அழுக்கு அடைத்திருந்தாலோ, கேஜுக்குள் அழுத்தம் தாமதமாகவே போய்ச் சேரும். அவசரமாக வாசித்தால் ஏற்றத்தில் குறைவு, இறக்கத்தில் அதிகம் என்று அச்சு அசலாக ஹிஸ்டெரிசிஸ் மாதிரியே இருக்கும். பிரித்தறிய ஒரே புள்ளியில் இரண்டு நிமிடம் காத்திருங்கள். மாஸ்டர் நிலையாக இருக்க, நம் முள் மட்டும் ஊர்ந்து வந்து சேர்ந்தால் அது அடைப்பு. உலோகத்தின் ஊர்தல் இவ்வளவு தூரம் முள்ளை நகர்த்தாது. காற்று பம்பில் இன்னொரு வேடம் உண்டு. அழுத்தியதும் காற்று சூடாகும், பிறகு ஆறி அழுத்தம் சற்று இறங்கும், கசிவு என்று தோன்றும். ஆனால் இதில் மாஸ்டரும் கேஜும் சேர்ந்தே இறங்கும், பொறுத்திருந்தால் நின்றுவிடும்.

மாஸ்டரே போர்டன் கேஜாக இருந்தால் அதற்கும் ஹிஸ்டெரிசிஸ் இருக்கும், அதுவும் அதே பக்கம். இரண்டும் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு நம் கேஜ் உண்மையைவிட நல்லதாகத் தெரியும். சாதாரண வகுப்பு கேஜை மாஸ்டராக வைத்து இன்னொரு சாதாரண கேஜைச் சோதிக்கும் இடங்களில் ‘ஹிஸ்டெரிசிஸே இல்லை’ என்று சான்றிதழ் வருவதன் காரணம் பெரும்பாலும் இதுதான்.

பூஜ்யத்தில் முள்ளைத் தாங்கும் ஸ்டாப் பின் உள்ள கேஜில், 0 வாசிப்பை நம்பாதீர்கள். முள் உண்மையில் −0.05-க்குப் போக நினைத்தாலும் பின் விடாது. அத்தகைய கேஜுக்கு முதல் புள்ளியை 1 பாரில் வையுங்கள்.

ரிப்பீட்டபிலிட்டி கெட்டால்

ஏற்றம் 1-இல் 6.00, ஏற்றம் 2-இல் 5.94, ஏற்றம் 3-இல் 6.04 என்று ஒழுங்கில்லாமல் வந்தால், முதலில் உங்கள் முறையைச் சோதியுங்கள்: காத்திருந்த நேரம் ஒன்றா, புள்ளியைத் தாண்டினீர்களா, கண் டயலுக்கு நேராக இருந்ததா. அதெல்லாம் சரி என்றால் கேஜில் ஏதோ தளர்ந்திருக்கிறது. எல்லாப் புள்ளிகளும் ஒரே அளவு நகர்ந்து, அங்கேயே நின்றுவிட்டால் முள் பினியன் தண்டில் வழுக்குகிறது. ஒரே ஒரு இடத்தில் மட்டும் முள் தாவினாலோ தயங்கினாலோ பல் தேய்ந்திருக்கிறது. எப்போதும் 7 பார் அருகிலேயே துடித்துக்கொண்டிருக்கும் கம்ப்ரசர் கேஜில் அந்த 7 பார் பல்தான் தேயும். அளவு மீறிய அழுத்தம் பட்ட கேஜில் பூஜ்யமே மேலே ஏறி நிற்கும், மணிக்கணக்கில் விட்டாலும் இறங்காது. அது ஹிஸ்டெரிசிஸ் அல்ல, டியூப் நிரந்தரமாகக் கோணிவிட்டது.

மறுபடி கம்ப்ரசரில் மாட்டும்போது

நம் கம்ப்ரசர் 8 பாரில் நின்று, 6 பாரில் மறுபடி ஓடத் தொடங்க வேண்டும் என்று கொள்ளுங்கள். நிற்கும் புள்ளியை ஏறுமுகத்தில் பார்க்கிறோம். அங்கே கேஜ் 7.98 காட்டும், கவலையில்லை. தொடங்கும் புள்ளியை இறங்குமுகத்தில் பார்க்கிறோம். கேஜில் 6.0 வரும்போது கம்ப்ரசரை ஓடவைக்கும்படி பிரஷர் ஸ்விட்சைச் சரிசெய்தால், டாங்கில் உண்மையில் இருப்பது 5.9 பார் அளவே. அங்கே 6.1 காட்டும்போதுதான் சரிசெய்ய வேண்டும்.

இதிலும் ஒரு நுணுக்கம். சான்றிதழின் 0.09 என்பது 0–10–0 என்ற முழுச் சுற்றில் கிடைத்தது. கம்ப்ரசரில் கேஜ் 6-க்கும் 8-க்கும் இடையில்தான் ஏறி இறங்குகிறது. சின்னச் சுற்றில் டியூபின் பின்தங்கலும் சின்னதாகவே இருக்கும், ஏனெனில் டியூப் 10 பார் வரை நீண்டுவிட்டுத் திரும்பவில்லை. உராய்வின் பங்கு மட்டும் அவ்வளவாகக் குறையாது. இடைவெளி சரியாக எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால், பம்பிலேயே முன்சுற்றுக்குப் பிறகு 6–8–6 என்று சில முறை ஓட்டி, அந்த எண்களைத் தனியாகக் குறித்துக் கொடுக்கச் சொல்லலாம்.